அண்ணாச்சிக்கு எழுதும் பாக்கிக் கடிதம்

பாக்கி கேட்டு எழுதும் கடிதத்தில் மரியாதைக்கு எவ்வளவு இடம் தரவேண்டும் என்பதில் எனக்கும் என் தம்பிக்கும் இன்றுவரை கருத்து ஒத்துப்போகவில்லை. "சரக்கு கொடுத்தோம், பில் கொடுத்தோம், கெடு முடிந்துவிட்டது, இதில் அண்ணாச்சி எங்கே வந்தார், ஐயா எங்கே வந்தார்?" என்பது அவன் கட்சி. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. விருதுநகர்ப் பக்கத்தில் அட்டைப்பெட்டி, கடைப்பை, பில் புத்தகம் அச்சடித்துக் கொடுக்கும் சிறிய அச்சகம் எங்களுடையது. எங்களிடம் சரக்கு எடுக்கும் கடைக்காரர்களில் பாதிப்பேர் எங்கள் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள். அவர்களிடம் பாக்கி நிற்கும்போது, அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவரிடம் என்ன சொல்லி எழுதுவது என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் மேசைமேல் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன், எழுபது வயதைக் கடந்த ஒரு ஜவுளிக்கடைப் பெரியவருக்கு நான் ஊரில் இல்லாதபோது தம்பி ஒரு கடிதம் அனுப்பினான். அதன் நகல் இன்னும் கோப்பில் இருக்கிறது. "மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் அவர்களுக்கு" என்று தொடங்கி, "பொருள்: நிலுவைத் தொகையை உடனே செலுத்தக் கோருதல் தொடர்பாக" என்று ஒரு வரி. அதற்குக் கீழே: "தாங்கள் எங்களிடம் பெற்ற பொருளுக்கான தொகையைப் பலமுறை நினைவூட்டியும் இதுநாள்வரை செலுத்தவில்லை. இக்கடிதம் கண்ட 7 நாட்களுக்குள் செலுத்தத் தவறினால் சட்டப்படி வட்டி கோரப்படும். இனியும் காலம் தாழ்த்த மாட்டீர்கள் என நம்புகிறோம். இங்ஙனம், மேலாளர்."

மறுநாள் காலையிலேயே கடைப்பையன் ஒருவன் ஒட்டிய உறையில் முழுத்தொகைக்கும் காசோலை கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். பெரியவர் என்னைத் தொலைபேசியில் அழைத்துப் பேசியது ஒரு நிமிடம்கூட இருக்காது. பணத்தைப் பற்றியோ வட்டியைப் பற்றியோ அவர் ஒன்றும் சொல்லவில்லை. "நான் எப்பப்பா உங்களுக்கு வாடிக்கையாளர் ஆனேன்?" என்று மட்டும் கேட்டார். அந்தத் தீபாவளிக்குப் பை அச்சடிக்கும் வேலை எங்களிடம் வரவில்லை. தம்பி, கடிதம் எழுதிய மறுநாளே பணம் வந்ததைக் காட்டித் தன் கட்சியை நிறுவுகிறான். நான் வராத தீபாவளி வேலையைக் காட்டுகிறேன். வேறோர் அச்சகம் விலை குறைத்துக் கொடுத்திருக்கலாம் என்று அவன் சொல்வதை என்னால் மறுக்கவும் முடியவில்லை. ஆனால் அந்த ஒரு கேள்வி என்னை விடவில்லை. 'செலுத்தவில்லை' என்பதையும் 'தவறினால்' என்பதையும் பொறுத்துக்கொண்ட மனிதர், வட்டி என்ற சொல்லைக்கூடப் பொறுத்துக்கொண்ட மனிதர், 'மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்' என்ற மரியாதைச் சொல்லில்தான் காயப்பட்டிருக்கிறார். மரியாதை எங்கே இருக்கிறது என்று நாங்கள் இருவருமே தவறான இடத்தில் தேடிக்கொண்டிருந்தோமோ என்று அதன் பிறகே யோசிக்கத் தொடங்கினேன்.

விளி ஏறினால் சூடும் ஏறுகிறது

பள்ளிக்கூடத்தில் நமக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தபோது ஓர் ஏணியைக் கையில் கொடுத்தார்கள். அன்புள்ள, மதிப்பிற்குரிய, பெருமதிப்பிற்குரிய என்று படி ஏறஏற மரியாதை கூடும். உறைமேல் திரு என்பதைவிட உயர்திரு உயர்ந்தது. பெயருக்குப் பின் அவர்கள் என்று சேர்த்தால் இன்னும் நல்லது. விண்ணப்பத்துக்கு இது சரிதான். முன்பின் தெரியாத அதிகாரிக்கு எழுதும்போது எவ்வளவு ஏறினாலும் பாதகமில்லை. ஆனால் ஆண்டுக்கணக்காக 'அன்புள்ள அண்ணாச்சி அவர்களுக்கு' என்று கடிதமும் ரசீதும் போய்க்கொண்டிருந்த ஒருவருக்கு, பாக்கி நின்ற மாதத்தில் மட்டும் 'பெருமதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு' என்று எழுதினால், அவர் அதை மரியாதை கூடியதாக எடுத்துக்கொள்ள மாட்டார். உறவு ஒரு முழம் பின்னால் தள்ளிப் போடப்பட்டிருக்கிறது என்பது முதல் வரியிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். வீட்டிலும் இதைப் பார்க்கிறோம்: நாளெல்லாம் 'நீ' என்று பேசும் மனைவி திடீரென்று 'நீங்க சொன்னா சரிதாங்க' என்றால் எதோ நடந்துவிட்டது என்று பொருள்.

ஆகவே நான் எனக்கென்று வைத்துக்கொண்ட முதல் விதி, பாக்கிக் கடிதத்துக்கென்று தனி விளி கிடையாது என்பதுதான். அந்த மனிதருக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்பினால் எப்படித் தொடங்குவோமோ அதே விளிதான் இதற்கும். எங்கள் ஊர்ப்பக்கம் வியாபாரத்தில் மூத்தவர் அண்ணாச்சி. அதை எழுத்தில் கொண்டுவரும்போது 'மதிப்பிற்குரிய அண்ணாச்சி அவர்களுக்கு' என்று எழுதினால் உறவும் மரியாதையும் ஒன்றாக நிற்கின்றன. அண்ணாச்சி என்று பேசிப் பழகாத ஆசிரியர், மருத்துவர் போன்றவர்களுக்கு 'மதிப்பிற்குரிய ஐயா' போதும். பெயரும் முதலெழுத்தும் 'உயர்திரு' என்பதும் பெறுநர் முகவரியோடு நின்றுவிட வேண்டும். கடிதத்துக்குள்ளே மூத்தவரின் பெயரைச் சொல்லி எழுதுவது, எவ்வளவு அவர்கள் சேர்த்தாலும், எங்கள் பக்கத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாகவே படிக்கப்படும்.

கடிதத்துக்குள் தாங்கள் என்று தொடங்கினால் கடைசிவரை தாங்கள்தான். பாதிக் கடிதத்தில் நீங்கள், உங்கள் என்று இறங்குவதை இளையவர்கள் கவனிப்பதில்லை. அந்த வயதினர் கவனிக்கிறார்கள். அதிலும் கவனக்குறைவாகக் கலக்கும்போது ஒரு வேடிக்கை நடக்கிறது. நலம் விசாரிக்கும் வரியில் தாங்கள் இருக்கும், பணம் கேட்கும் வரியில் நீங்கள் வந்துவிடும். மனத்தில் இருப்பது கையில் வந்துவிடுகிறது போலும்.

பழைய கடிதங்களில் இந்தச் சங்கடத்துக்கே இடம் இல்லை. மகாராஜராஜஸ்ரீ என்று தொடங்கி, 'உபயகுசலோபரி' என்று இருபக்க நலத்தையும் ஒரே சொல்லில் முடித்துவிட்டு, மதிப்புக்குரியவர் யாராக இருந்தாலும் பெரும்பாலும் ஒரே அச்சில் எழுதினார்கள். அவர்களுக்கெல்லாம் ஒரே விளி என்பதால் விளியை வைத்து யாரும் கோபத்தை அளக்க முடியாது. அந்த அச்சு போய்விட்டது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அதிலிருந்து இன்னும் மிஞ்சியிருக்கும் ஒரே ஒரு சொல்லை நான் விடுவதில்லை. அது 'நிற்க'. நலம் விசாரித்து முடித்தபின் 'நிற்க' என்று போட்டுவிட்டால், இனி வருவது காரியம் என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. நல விசாரிப்பையே பணம் கேட்பதற்கான முன்னுரையாக ஆக்கிவிட்டோமே என்ற கூச்சமும் எழுதுகிறவனுக்குக் குறைகிறது.

பணம் எழுவாயாக இருக்கட்டும்

தம்பியின் கடிதத்தில் உண்மையில் தவறான வரி, 'தாங்கள் இதுநாள்வரை செலுத்தவில்லை' என்பதுதான். தாங்கள் என்ற சொல் எவ்வளவு உயர்ந்ததானாலும், அதை ஓர் எதிர்மறை வினைக்கு எழுவாயாக்கிவிட்டால் மூத்தவரைக் கூண்டில் ஏற்றியது போலத்தான். அதே செய்தியை 'தொகை இன்னும் வந்து சேரவில்லை' என்று எழுதினால் வராமல் இருப்பது தொகை, அவர் அல்ல. இதில் நயம் மட்டும் இல்லை, ஒரு வசதியும் உண்டு. அவர் அனுப்பச் சொல்லிக் கணக்குப்பிள்ளை மறந்திருக்கலாம். காசோலை தபாலில் கிடக்கலாம். நாமே வேறொருவர் பேரில் வரவு வைத்திருக்கலாம். வந்து சேரவில்லை என்பது இவை அத்தனைக்கும் இடம் விடுகிறது. செலுத்தவில்லை என்பது ஒன்றுக்கும் விடுவதில்லை.

'நமது கணக்கில்' என்று எழுதுவதா, 'எங்கள் கணக்கில்' என்று எழுதுவதா என்பதும் இதைப் போன்றதே. பாக்கி அவர் பேரிலும் நம் பேரிலும் சேர்ந்தே நிற்கிறது என்பதை நமது என்ற சொல் எந்த ஆரவாரமும் இல்லாமல் சொல்லிவிடும். தொகையில் பேதம் வந்த பிறகு மட்டுமே நான் 'எங்கள் பேரேட்டின்படி' என்று பிரித்து எழுதுவேன். அப்போது அந்தப் பிரிவு தேவை. இல்லையென்றால் அவர் பேரேடும் இதையே சொல்கிறது என்று நாமாகவே முடிவுகட்டியதாகிவிடும்.

கேட்கும் வினையில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். 'உடனே செலுத்தவும்' என்பது அலுவலகச் சுற்றறிக்கையின் மொழி. மின்வாரிய அட்டைக்குப் பொருந்தும். 'கருணைகூர்ந்து', 'தயைகூர்ந்து' என்பன எதிர்த்திசையில் போய்விடுகின்றன. விற்ற சரக்குக்கு வரவேண்டிய தொகையைக் கருணையாகக் கேட்டால், அவர் விரும்பும்போது காட்டும் கருணையாகவே அது நின்றுவிடும். 'தங்களுக்குச் சௌகரியப்படும்போது' என்பது இன்னும் மோசம். கெடுவை நாமே எழுத்தில் தளர்த்திக்கொடுத்ததாகப் பின்னாளில் எடுத்துக்காட்ட முடியும். எனக்குச் சரியாகப் பட்டது, 'அனுப்பித்தர ஏற்பாடு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்' என்ற தொடர். பெரியவர் கல்லாவைத் திறந்து பணத்தை எண்ணவேண்டும் என்று அது சொல்லவில்லை. தம் ஆட்களிடம் ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று மட்டுமே சொல்கிறது. கட்டளையிடும் இடத்தில் அவரையே வைத்துவிட்டு, கட்டளை என்னவென்பதை மட்டும் நாம் எழுதிக்கொடுக்கிறோம்.

கடன் என்ற சொல்லை நான் எழுதுவதில்லை. வியாபாரத்தில் நிற்பது பாக்கி. கைமாற்றாக வாங்கியதும் வட்டிக்கு வாங்கியதுமே கடன். சரக்குப் பாக்கியைக் கடன் என்று எழுதினால், மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் ஒருவரைக் கடனாளி என்று எழுதியதாகும். அந்தக் கடிதத்தைப் பிரிப்பது பெரும்பாலும் அவர் அல்ல என்பதையும் மறக்கக்கூடாது. கடை முகவரிக்குப் போகும் உறையைக் கணக்குப்பிள்ளையோ கல்லாவில் இருப்பவரோதான் பிரிக்கிறார். பெரியவருக்குக் கண் சரியில்லையென்றால் கடையில் நாலு பேர் இருக்கும்போது உரக்கப் படித்தும் காட்டுகிறார். அதனால்தான் 'பொருள்' என்ற வரியில் 'நிலுவைத் தொகை கோருதல்' என்று எழுதாமல் 'கணக்கு விவரம்' என்று எழுதுகிறேன். அஞ்சலட்டையில் பாக்கி கேட்பது எங்கள் அப்பா காலத்திலேயே சண்டைக்கு அழைப்பதாகக் கருதப்பட்டது. இன்று அதன் இடத்தில், மகனும் மருமகனும் சேர்ந்திருக்கும் வாட்ஸ்ஆப் குழுவில் பில்லின் படத்தைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

மூன்று கடிதங்கள்

இதையெல்லாம் ஒரே கணக்கில் வைத்துப் பார்க்கும் சந்தர்ப்பம் 2023-இல் வந்தது. மளிகை மொத்த வியாபாரம் செய்யும் இன்னோர் அண்ணாச்சிக்கு மசாலாப் பொடி அடைக்கும் அட்டைப்பெட்டிகள் அடித்துக் கொடுத்தோம். 14-06-2023 தேதியிட்ட பில் ரூ.1,86,400. எழுதிக்கொண்ட கெடு 45 நாள். ஜூலையில் ரூ.60,000 வந்தது. கெடு ஜூலை 29-ஆம் தேதி முடிந்தது. மூன்று வாரம் பொறுத்துவிட்டு ஆகஸ்ட் 21-ஆம் தேதி நான் எழுதிய கடிதம் இது:

"மதிப்பிற்குரிய அண்ணாச்சி அவர்களுக்கு, வணக்கம். தாங்களும் வீட்டில் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். நிற்க. ஜூன் மாதம் அனுப்பிய அட்டைப்பெட்டிகளுக்கான கணக்கு விவரத்தைத் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். ரூ.60,000 வரவு போக, நமது கணக்கில் ரூ.1,26,400 பாக்கி உள்ளது. விவரத்தில் ஏதேனும் விடுபட்டிருந்தால் தெரியப்படுத்துங்கள். சரியாக இருந்தால் 30-08-2023 புதன்கிழமைக்குள் அனுப்பித்தர ஏற்பாடு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். வணக்கத்துடன், தங்கள் பணிவுள்ள."

இதில் இரண்டு விஷயங்களை வேண்டுமென்றே செய்தேன். ஒன்று, கிழமை. வெள்ளிக்கிழமை கையிலிருந்து பணம் வெளியே போகக்கூடாது, விளக்கு வைத்தபிறகு பணம் கொடுக்கக்கூடாது என்று இன்னும் பார்க்கும் கடைகள் உண்டு. அந்த நாளைக் கெடுவாக எழுதினால், அவர் மனத்தளவில் திங்கட்கிழமைக்குத் தள்ளிவைத்துவிடுவார். நாம் எழுதிய தேதிக்கு அதன்பின் மதிப்பிருக்காது. இரண்டாவது, தனித்தாள். இதைத்தான் நான் தம்பியிடம் கடைசிவரை வாதாடிக்கொண்டிருக்கிறேன். மரியாதையையும் கணக்கையும் ஒரே தாளில் போட்டுக் குழப்புவதால்தான் இரண்டும் கெடுகின்றன. விவரத்தாளில் அண்ணாச்சியும் இல்லை, பணிவும் இல்லை. கடையின் பெயர், பில் எண், தேதி, சரக்கு இறக்கிய தேதி, தொகை, வந்த வரவு, நிற்கும் பாக்கி, கீழே 'மேற்கண்ட பாக்கி சரியென உறுதி செய்கிறேன்' என்ற வரியோடு கையொப்பத்துக்கும் தேதிக்கும் இடம், அவ்வளவுதான். எண்களுக்கு மரியாதை தேவையில்லை. அவை தனியாக நிற்கும்போது யாரையும் அவமதிப்பதும் இல்லை. சம்பந்தி, மாமா என்று உறவும் சேர்ந்திருக்கும் இடங்களில் இது இன்னும் வசதி: கடிதத்தில் தயங்காமல் 'அன்புள்ள மாமா அவர்களுக்கு' என்று எழுதலாம், கோப்பில் ஏறப்போவது விவரத்தாள்.

செப்டம்பரில் ரூ.40,000 வந்தது. மீதி ரூ.86,400. அக்டோபர் 9-ஆம் தேதி இரண்டாவது கடிதம் எழுதினேன். விளியும் முடிப்பும் முதல் கடிதத்தில் இருந்தவைதாம். முதல் வரியாக, 'செப்டம்பரில் தாங்கள் அனுப்பிய ரூ.40,000 வரப்பெற்றோம், நன்றி' என்று எழுதினேன். வந்ததைச் சொல்லாமல் வராததை மட்டும் கேட்பதைவிட மூத்தவரைச் சினமூட்டுவது வேறில்லை. அடுத்ததாக, ஆயுத பூஜைக்கு முன் புதுக்கணக்கைத் தெளிவாக வைத்துக்கொள்ள விரும்புவதாகவும், 18-10-2023 புதன்கிழமைக்குள் முடித்துத்தர ஏற்பாடு செய்யும்படியும் கேட்டேன். கடைசியாக, 'தொகை சேர்வதற்குச் சில நாள் ஆகுமானால், இணைத்துள்ள விவரத்தாளில் ஒப்பமிட்டு அனுப்பித்தர வேண்டுகிறேன். எங்கள் ஆடிட்டருக்குக் காட்டவேண்டியிருக்கிறது' என்று சேர்த்தேன்.

பணம் வரவில்லை. ஆனால் தாள் ஒப்பத்தோடு திரும்பி வந்தது. தம்பி சிரித்தான். நான் அதைக் கவனமாகக் கோப்பில் வைத்தேன். சரக்குப் பாக்கிக்கு வழக்குப் போடும் காலவரம்பு, கெடு குறித்திருந்தால் அது முடிந்ததிலிருந்து மூன்று ஆண்டு. அந்த வரம்பு முடிவதற்குள் கொடுக்கவேண்டியவர் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையொப்பமிட்டால், 1963-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம் 18-ஆம் பிரிவின்படி அந்தத் தேதியிலிருந்து மூன்று ஆண்டு புதிதாக எண்ணப்படுகிறது. பத்துக் கடுமையான கடிதங்கள் எழுதி அவற்றுக்குப் பதிலே வராமல் போனால், அந்தப் பத்தும் நாம் எழுதியவையே. காலவரம்பு ஒரு நாள்கூட நீளாது. பணிவாக எழுதியதால் அவர் மனம் நோகாமல் போட்டுக்கொடுத்த ஒரு கையொப்பத்தால் நீளும். மரியாதையால் பணம் வராது என்று சொல்பவர்கள் இந்த இடத்தைப் பார்ப்பதே இல்லை.

மூன்றாவது கடிதத்தில்தான் சட்டம் வரவேண்டும் என்பது என் எண்ணம். எந்தச் சட்டம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தம்பி சொன்னது 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம். அதன்படி, பதிவுபெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு எழுத்தில் என்ன ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுக்கவேண்டும்; தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டியை மாதாமாதம் கூட்டிக் கேட்கலாம். உரிமை உண்மைதான். ஆனால் அது நமக்கு வரப்போகும் ஆதாயத்தை முன்னால் வைத்துப் பேசும் சட்டம். நான் எடுத்தது ஜி.எஸ்.டி. சட்டத்தின் 180 நாள் விதியை. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் விற்றவருக்குப் பணம் போய்ச் சேராவிட்டால், சேராத தொகைக்குரிய உள்ளீட்டு வரி வரவை, அதாவது சரக்கு வாங்கியபோது கொடுத்த வரியென்று தாம் கட்டும் வரியில் கழித்துக்கொண்ட தொகையை, வாங்கியவர் வட்டியோடு திருப்பிக் கட்டவேண்டும். பிறகு பணம் கொடுத்தபின்தான் மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். இது அவருக்கு வரக்கூடிய நட்டத்தைப் பற்றிப் பேசும் சட்டம். நவம்பர் 27-ஆம் தேதி இப்படி எழுதினேன்:

"14-06-2023 தேதியிட்ட பில்லுக்கு 180 நாள் வருகிற 11-12-2023 திங்கட்கிழமையோடு நிறைவடைகிறது. அதற்குள் மீதி ரூ.86,400 வரவாகிவிட்டால், இந்த பில்லுக்காகத் தாங்கள் எடுத்த வரி வரவுக்கு இடையூறு இராது. தங்கள் ஆடிட்டரும் இதைச் சொல்லியிருக்கக்கூடும். 06-12-2023 புதன்கிழமைக்குள் அனுப்பித்தர ஏற்பாடு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்."

'ஆடிட்டரும் சொல்லியிருக்கக்கூடும்' என்ற வரி சும்மா எழுதியதல்ல. சிறியவன் பெரியவருக்குச் சட்டம் சொல்லிக்கொடுப்பதாக அந்தக் கடிதம் நின்றுவிடக்கூடாது. அவருக்குத் தெரிந்திருக்கக்கூடியதை நினைவுபடுத்துவதாக நிற்கவேண்டும். தொகை குறித்த புதன்கிழமையே வங்கியில் ஏறியது. இந்த வழி எல்லோரிடமும் செல்லாது. வாங்கியவர் ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவராக இருந்தாலோ, தொகுப்பு வரித் திட்டத்தில் இருந்தாலோ அவருக்கு உள்ளீட்டு வரி வரவே கிடையாது. அவரிடம் 180 நாள் பேசினால் நமக்கு விஷயம் தெரியவில்லை என்றுதான் நினைப்பார். உண்மையிலேயே கொடுக்க மனமில்லாதவரிடம் மூன்றாவது கடிதமும் வீணாகிறது. அதற்கப்பால் வக்கீல் நோட்டீஸ்தான். அதை வக்கீல் தம் பெயரில், தம் நடையில் எழுதட்டும். நாம் அண்ணாச்சி என்று தொடங்கி நோட்டீஸ் மொழியில் முடிக்கும் கடிதங்கள் இரண்டு பக்கமும் வேலை செய்வதில்லை.

கையொப்பத்துக்கு மேலே

முடிப்பு வரியில் செய்யும் தவறுகள் விளியில் செய்வதைவிட நுட்பமானவை. 'விரைவில் செலுத்துவீர்கள் என நம்புகிறோம்' என்று முடிப்பது வெகு சாதாரணம். நம்புகிறோம் என்று சொல்லவேண்டிய நிலைக்கு வந்துவிட்டதே என்பதுதான் படிப்பவர் காதில் விழும். 'தங்கள் உடனடி நடவடிக்கையை எதிர்நோக்கும்' என்பது மேலதிகாரி கீழுள்ளவருக்கு எழுதுவது. 'தங்கள் ஆசியை நாடும்' என்று சிலர் முடிக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகையோடு வைக்கும் கடிதத்துக்கு அது அழகு. பணம் கேட்டுவிட்டு ஆசியையும் சேர்த்துக் கேட்டால், பின்னது முன்னதற்குப் பூசிய சர்க்கரையாகத் தெரிந்துவிடும். 'அன்புடன்' என்பது ஒத்த வயதினருக்கும் இளையவர்களுக்கும் ஒத்துவரும். மூத்தவருக்கு, அதுவும் பாக்கிக் கடிதத்தில், சற்று உரிமை எடுத்துக்கொண்டதாகவே படுகிறது. 'இங்ஙனம்' என்பதைப் பத்திரத்திலும் நோட்டீஸிலும் பார்த்துப் பழகிய கண்கள், அதைக் கண்டதும் முத்திரைத்தாளைத் தேடும். 'வணக்கத்துடன்' என்ற ஒன்றே எந்த ஏற்றத்தாழ்வும் இல்லாமல் தொடங்கிய வணக்கத்தை முடித்துவைக்கிறது. அதற்குக் கீழே 'தங்கள் பணிவுள்ள' என்று போடுவதில் தம்பிக்குச் சம்மதமில்லை. பணம் தரவேண்டியவர் அவர், பணிவு நமக்கா என்கிறான். 'தங்கள் உண்மையுள்ள' என்று அவன் போட்டுக்கொள்ளட்டும். அதில் எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் யார் கையொப்பமிடுவது என்பதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். 'மேலாளர்' என்று பதவியை மட்டும் எழுதி, புரியாத கிறுக்கலாக ஒப்பமிட்டு அனுப்பக்கூடாது. அண்ணாச்சி என்று விளித்தவன் யார் என்று கடிதம் சொல்லவேண்டும். வீட்டிலிருப்பவர் தம் பெயரைத் தெளிவாக எழுதி, அதற்குக் கீழே அச்சகத்தின் பெயரைப் போட்டு, பேனாவால் கையொப்பமிட வேண்டும். பில் போடும் மென்பொருளில் நினைவூட்டல் செய்தி தானாகப் போகும் வசதி இருக்கிறது. மூத்தவர்கள் சிலரின் எண்களுக்கு மட்டும் அதை நிறுத்தி வைத்திருக்கிறேன். 'அன்பார்ந்த வாடிக்கையாளரே' என்று இரவு பதினொரு மணிக்கு அவர்கள் கைப்பேசியில் ஒரு செய்தி விழுந்தால், மூன்று கடிதத்தில் சேர்த்தது ஒரே வரியில் போய்விடும்.

பணம் வந்தபிறகு பலர் ரசீதை மட்டும் அனுப்பிவிட்டு இருந்துவிடுகிறார்கள். மளிகை அண்ணாச்சிக்கு டிசம்பர் 7-ஆம் தேதி நான்காவதாக ஒரு கடிதம் போயிற்று. விளியும் முடிப்பும் முந்தைய மூன்றிலும் இருந்தவைதாம். ரூ.86,400 வரப்பெற்றது, 14-06-2023 பில்லின் கணக்கு நேராகிவிட்டது, அக்டோபரில் ஒப்பமிட்ட விவரத்தாளின்மேல் 'கணக்கு முடிந்தது' என்று எழுதி அதன் நகலை இணைத்திருக்கிறேன் என்று மூன்று வரிகள். தாம் போட்ட கையொப்பம் எங்கோ ஒரு கோப்பில் கிடக்கிறதே என்ற எண்ணம் அவருக்கு இருந்திருக்குமானால், அது அந்த நகலோடு தீர்ந்திருக்கும். பொங்கலுக்கு முன் புதுப் பெட்டிக்கு மாதிரி கேட்டு அவருடைய கணக்குப்பிள்ளை வந்தார். இந்த முறை கெடுவை 30 நாள் என்று போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டோம். கேட்டுச் சொல்கிறேன் என்று போயிருக்கிறார்.